இன்றைய விலையைப் பார்த்து தக்காளி போடலாமா?

"கடந்த சில வாரங்களில் தக்காளி விலை மூன்று மடங்காகிவிட்டது. நானும் என் நண்பரும் சேர்ந்து ஒரு எக்டேர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து தக்காளி பயிரிடலாம் என்று நினைக்கிறோம். இதற்கு முன் நாங்கள் பயிர் செய்ததில்லை. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. விலை ஏறினால் அளிப்பு கூடும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். இவ்வளவு விலை வந்தும் ஏற்கெனவே தக்காளி போட்டிருக்கும் விவசாயிகள் ஏன் உற்பத்தியைக் கூட்டவில்லை? வியாபாரிகள் பதுக்குகிறார்களா? அல்லது எங்களைப் போன்றவர்களுக்கு இது நல்ல வாய்ப்பா?"

வணக்கம். பதுக்கலை முதலில் முடித்துவிடுகிறேன். பழுத்த தக்காளியைப் பதுக்க முடியாது. சாதாரண வெப்பநிலையில் அது சில நாட்கள்தான் தாங்கும். நன்கு முற்றிய பச்சைக் காயை 12 முதல் 15 பாகை செல்சியஸில் வைத்தால் இரண்டு, மூன்று வாரம் ஓட்டலாம். இன்னும் குளிர்வித்து நீட்டிக்கலாம் என்று பார்த்தாலும் முடியாது. 10 பாகைக்குக் கீழே நெடுநாள் வைத்த பச்சைக் காய் குளிரால் பாதிக்கப்பட்டு, வெளியே எடுத்த பிறகு சரியாகப் பழுக்காமல் அழுகத் தொடங்கும். ஓரிரு நாள் சரக்கை நிறுத்திப் பார்க்கும் வியாபாரி இருக்கலாம். மாதக்கணக்கில் விலையைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்குச் சரக்கை ஒளித்துவைக்க இந்தப் பயிர் இடம் தராது.

அப்படியானால் விவசாயிகள் ஏன் கூட்டவில்லை? அளிப்பின் விலை நெகிழ்ச்சி என்று நீங்கள் படித்ததில்தான் விடை இருக்கிறது. அளிக்கும் அளவில் ஏற்பட்ட சதவீத மாற்றத்தை விலையில் ஏற்பட்ட சதவீத மாற்றத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. விலை 10 சதவீதம் ஏறி, அளிப்பும் 10 சதவீதம் கூடினால் நெகிழ்ச்சி 1. அளிப்பு அசையவே இல்லை என்றால் பூஜ்யம். தக்காளியின் நெகிழ்ச்சி எவ்வளவு என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எத்தனை நாள் கழித்து என்று திருப்பிக் கேளுங்கள். ஆல்பிரட் மார்ஷல் 1890-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டார். மீன் சந்தையை எடுத்துக்கொண்டு, இன்று கரைக்கு வந்த மீனை வைத்து அமையும் விலை வேறு, சில மாதங்களில் இருக்கும் படகுகளைக் கூடுதலாக ஓட்டி அமையும் விலை வேறு, புதிய படகுகளே கட்டப்பட்டு அமையும் விலை வேறு என்று பிரித்துக் காட்டினார். தக்காளி வயலிலும் அதே போல் மூன்று கட்டங்களைப் பார்க்கலாம்.

ஒரு எக்டேர் வயலை எடுத்துக்கொள்வோம். 20,000 செடிகள், செடிக்கு 2 கிலோ, மொத்தம் 40 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறிப்பு எட்டு வாரம் நடக்கிறது, வாரத்துக்கு இரண்டு பறிப்பு. ஆக, ஒரு பறிப்புக்குச் சராசரியாக 2,500 கிலோ. இப்போது வயல் பறிப்பின் நடுவில் இருக்கிறது, விலை 100-லிருந்து 300-க்குப் போய்விட்டது. (எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், வழக்கமான விலையை 100 என்று வைத்துப் பேசினால் கணக்கு சுலபம்.)

அடுத்த பறிப்பில் இந்த விவசாயி என்ன செய்யலாம்? சிறியது, லேசாக வெடித்தது, வடிவம் கெட்டது என்று வழக்கமாக ஒதுக்கித் தள்ளும் காய்களையும் பெட்டியில் போடலாம். அதில் ஒரு 125 கிலோ கூடும். இன்னும் முழுதாக நிறம் வராத காயையும் பறிக்கலாம். ஆனால் அது கூடுதல் உற்பத்தி இல்லை. மூன்று நாள் கழித்துப் பறிக்க வேண்டியதை இன்றைக்கே பறிப்பது, அவ்வளவுதான். அடுத்த பறிப்பில் அந்த அளவு குறைந்தே தீரும். கொஞ்சம் விட்டு வைத்திருந்தால் பெருத்திருக்கும் காயை முன்னதாகப் பறித்ததால் எடையிலும் இழப்பு வரலாம். எனவே உண்மையான கூடுதல் 125 கிலோ, அதாவது 5 சதவீதம். விலையேற்றமோ 200 சதவீதம். ஐந்தை இருநூறால் வகுத்தால் 0.025. முதல் வாரத்தின் நெகிழ்ச்சி இந்த அளவில்தான் இருக்கும், பூஜ்யத்துக்குப் பக்கத்து வீடு.

சரி, ஒரு மாதம் கொடுத்துப் பார்ப்போம். உரம் கூடுதலாகப் போடலாமே, தண்ணீர் விடலாமே என்று தோன்றும். தக்காளிப் பூ விரிந்து காய் பிடித்து பழமாவதற்கு ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆகும். அடுத்த நான்கு வாரங்களில் பறிக்கப்போகும் காய்கள் எல்லாம் இன்றைக்கே செடியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. விவசாயி எவ்வளவு செலவு செய்தாலும் அவற்றின் எண்ணிக்கை கூடாது. அவர் செய்யக்கூடியது இருப்பதைக் காப்பாற்றுவது: காய்ப்புழு தின்னாமல் பார்ப்பது, கருகல் நோய் வராமல் மருந்தடிப்பது, காய் பெருக்க ஒழுங்காகத் தண்ணீர் விடுவது. வழக்கமான விலையில் கட்டுப்படியாகாத ஒரு கூடுதல் மருந்தடிப்பு இந்த விலையில் கட்டுப்படியாகும். அதனால் கொஞ்சம் சேதம் குறையும். இதிலும் ஆசைப்பட்டு மிஞ்சினால் கெடும். காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் பழம் வெடிக்கும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை செழிக்கும், பூ குறையும். எல்லாவற்றையும் கவனமாகச் செய்தால் 10 சதவீதம் கூடலாம் என்று வைத்தாலும், நெகிழ்ச்சி 0.05-ஐத் தாண்டாது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. விலை ஏறியதற்குக் காரணமே பெரும்பாலும் வானிலைதான். பகலில் 35 பாகையைத் தாண்டி, இரவிலும் 25-க்குக் கீழே இறங்காமல் பல நாட்கள் போனால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் காய் பிடிக்காமலே உதிரும். தொடர் மழை பெய்தால் வேர் மூச்சுத் திணறும், இலைக்கும் காய்க்கும் நோய் பரவும். ஆக, விலை எந்த நேரத்தில் அதிக விளைச்சலைக் கேட்கிறதோ, சரியாக அந்த நேரத்தில்தான் செடியின் தெம்பு குறைந்திருக்கிறது. விலை ஏறியபோது வரத்து குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, 'விலை ஏறினால் விவசாயி குறைவாகவே விற்கிறார்' என்று சிலர் முடிவு கட்டுவார்கள். அது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடுவது. வரத்து குறைந்ததால்தான் விலை ஏறியது.

இனி மூன்றாவது கட்டம், புதிதாக நடுவது. உங்கள் திட்டமும் இதுதான் என்பதால் நாள் கணக்கோடு பார்ப்போம். விதைத்து நாற்று தயாராக 25 முதல் 30 நாள். அதற்குள் நிலத்தை உழுது பாத்தி கட்டிவிடலாம். நட்டதிலிருந்து முதல் பழம் பறிக்க இன்னும் 65 முதல் 75 நாள். ஆக, இன்றைக்கே விதைத்தாலும் முதல் பறிப்பு 90 முதல் 105-ஆம் நாள். முதல் ஓரிரு பறிப்பில் சொற்பமாகத்தான் கிடைக்கும். கனமான பறிப்புகள் 110-ஆம் நாளுக்குப் பிறகு. நாற்றுப்பண்ணையில் தயாராக நாற்று கிடைத்தால் ஒரு மாதத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் நாற்றுப்பண்ணைக்காரர்களும் வழக்கமான தேவையைக் கணக்கிட்டுத்தான் தட்டுகளை நிரப்பியிருப்பார்கள். விலை ஏறிய மறு வாரமே எல்லோரும் போய் நின்றால் அவர்களிடமும் அதே சிக்கல்தான்.

ஏற்கெனவே விவசாயம் செய்பவருக்கு நிலமும் தடை. அவருடைய வயலில் வேறு பயிர் நிற்கும், பாதியில் அதை அழித்துவிட்டுத் தக்காளி நடுவதற்கு மனமும் வராது, கணக்கும் ஒத்துவராது. தக்காளி எடுத்த வயலிலேயே மறுபடியும் தக்காளி வைத்தால் பாக்டீரியா வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் காத்திருக்கும். கத்தரி, மிளகாய் போட்ட நிலத்திலும் அதே தொல்லை, மூன்றும் ஒரே குடும்பம். அதனால் காலியாக இருக்கிறது என்பதற்காக எந்த நிலத்தையும் பிடித்துவிட முடியாது. உங்களுக்குக் குத்தகைக்கு வரும் நிலத்தில் கடைசியாக என்ன விளைந்தது என்று கேட்டீர்களா? வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.

இப்போது இந்தச் சிறிய நெகிழ்ச்சி விலையை என்ன பாடுபடுத்துகிறது என்று பார்ப்போம். வாங்குபவர்கள் பக்கமும் தக்காளிக்கு நெகிழ்ச்சி குறைவு. விலை ஏறினால் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள், அடியோடு நிறுத்த மாட்டார்கள். தேவையின் நெகிழ்ச்சி 0.4 என்று ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம், அதாவது விலை ஒரு சதவீதம் ஏறினால் வாங்கும் அளவு 0.4 சதவீதம் குறையும். பெரிய மாற்றத்தை ஒரே வகுத்தலில் முடிக்காமல், ஒவ்வொரு சதவீதமாகச் சேர்த்துக்கொண்டே போய்க் கணக்கிட வேண்டும். அப்போது சந்தைக்கு வரும் சரக்கு 35 சதவீதம் குறைந்தாலே போதும், விலை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். நீங்கள் பார்க்கும் விலையேற்றத்துக்கு இந்தப் பற்றாக்குறையே போதுமான விளக்கம். ஒரு கற்பனைக்காக, விலை ஒரு சதவீதம் ஏறும்போதெல்லாம் விவசாயிகளால் உடனடியாக ஒரு சதவீதம் கூடுதலாக அனுப்ப முடியும் என்று வையுங்கள். அதே வானிலைச் சேதம் நடந்திருந்தாலும் விலை 36 சதவீத அளவுக்குத்தான் ஏறியிருக்கும். 36 சதவீதத்துக்கும் 200 சதவீதத்துக்கும் உள்ள அந்த இடைவெளி முழுவதும் செடி எடுத்துக்கொள்ளும் நாட்களால் வந்தது.

தானியமாக இருந்தால் கிடங்கு இந்த இடைவெளியின் பெரும்பகுதியை அடைத்துவிடும். போன அறுவடையில் சேமித்ததைத் திறந்துவிட்டால் ஒரே வாரத்தில் வரத்து கூடும். வயலில் ஒரு மணிகூடக் கூடுதலாக விளையாமலே அளிப்பு நெகிழ்கிறது. தக்காளிக்கு அந்த வசதி இரண்டு, மூன்று வாரத்தோடு முடிந்துவிடுகிறது. கீரை, முள்ளங்கி போன்றவையும் அழுகும் பொருள்கள்தான், ஆனால் அவற்றில் பலவற்றை விதைத்த ஒரு மாதத்திலேயே பறித்துவிடலாம். அதனால் அவற்றின் விலை உச்சம் அவ்வளவு நாள் நீடிக்காது. சேமிக்கவும் முடியாமல், சீக்கிரம் விளைவிக்கவும் முடியாமல் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்ட பயிர் தக்காளி.

இங்கிருந்துதான் உங்களுக்கு ஆபத்து தொடங்குகிறது. இன்றைய 300 உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. 110-ஆம் நாள் முதல் 150-ஆம் நாள் வரை என்ன விலையோ, அதுதான் உங்களுக்கு. அந்த விலையைத் தீர்மானிக்கப்போவது இந்த மாதத்தில் எத்தனை பேர் நாற்று நடுகிறார்கள் என்பது. உங்களுக்குத் தோன்றிய யோசனை உங்களுக்கு மட்டுமா தோன்றியிருக்கும்? சேதமான வயல்களில் திரும்ப நடுபவர்கள், பரப்பைக் கூட்டுபவர்கள், உங்களைப் போல் புதிதாக வருபவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து, வழக்கத்தை விட வரத்து 25 சதவீதம் கூடிவிட்டது என்று வைப்போம். அதே 0.4 நெகிழ்ச்சியில் விலை 57-க்கு வந்துவிடும். வரத்து 40 சதவீதம் கூடினால் 43. ஒரு பருவத்தின் உச்ச விலையைப் பார்த்து நடுவது, அடுத்த பருவத்தில் சரிவது, சரிந்ததைப் பார்த்து நடாமல் விடுவது, மீண்டும் உச்சம் என்று சுழலும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர். நிக்கலஸ் கால்டோர் 1934-ல் வைத்த பெயர் அது. விலையும் அளவும் படத்தில் சுற்றிச் சுற்றி வலை பின்னுவது போல் தெரியும். நிஜத்தில் விவசாயிகள் அந்தப் படம் காட்டுவது போல நேற்றைய விலையை அப்படியே நம்புபவர்கள் இல்லை, பல பருவம் பார்த்தவர்கள் எச்சரிக்கையாகவே கூட்டுவார்கள். நல்ல விலை வந்தும் பழைய விவசாயிகள் பரப்பை அள்ளிக் கூட்டாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

விலை சரியும்போது நடப்பதைப் புதிதாக வருபவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. விலை ஏறும்போது அளிப்பு கூடாதது போலவே, இறங்கும்போதும் குறையாது. உழவு, நாற்று, உரம், பந்தல் குச்சி என்று பறிப்பு வரைக்குமான செலவு, நம் அளவுகோலில் கிலோவுக்கு 35 என்று வைத்துக்கொள்வோம். பறிக்க, தரம் பிரிக்க, பெட்டியில் அடைக்க, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்ந்து 40. மொத்தம் 75. விலை 57 ஆகிவிட்டால் விவசாயிக்கு நட்டம்தான். ஆனாலும் அவர் பறிப்பார். அந்த 35 ஏற்கெனவே மண்ணில் போய்விட்டது, பறிக்காமல் விட்டாலும் திரும்பாது. பறித்தால் 40 செலவு செய்து 57 கிடைக்கிறது, 17 மட்டுமாவது கையில் மிஞ்சும். எல்லோரும் இதே கணக்கைப் போடுவதால் சரிந்த விலையிலும் சரக்கு வந்துகொண்டே இருக்கும். விலை 40-க்குக் கீழே போகும் நாளில்தான் சட்டென்று பறிப்பு நிற்கும், பழம் செடியிலேயே அழுகும். சாலையோரத்தில் கொட்டப்பட்ட தக்காளியைப் பார்த்து, கொஞ்சம் விலை குறைத்தாவது விற்றிருக்கலாமே என்று கேட்பவர்கள் இந்த 40-ஐப் பார்ப்பதில்லை. சாறு, கூழ் தயாரிக்கும் ஆலைகள் மிச்சத்தை வாங்கிக்கொள்ளாதா என்றால், பெரிய ஆலைகள் சதைப்பற்று மிகுந்த தனி ரகங்களை முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்குபவை. சந்தையில் மிஞ்சியதை வாங்கினாலும் மிகக் குறைந்த விலைக்குத்தான்.

இப்போது உங்கள் கணக்கு. பழைய விவசாயியின் 75-உடன் உங்களுக்குக் குத்தகை சேரும். முதல் பயிர் என்பதால் விளைச்சல் சற்று குறையும், அதனால் கிலோவுக்கான செலவு ஏறும். 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 57-க்கு வந்தால் ஒவ்வொரு கிலோவிலும் 33 நட்டம், உங்கள் மொத்த விளைச்சலுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். வழக்கமான 100 கிடைத்தாலே உங்களுக்கு மிஞ்சுவது 10 தான். இந்த எண்கள் என் உதாரண எண்கள். உங்கள் பகுதியின் கூலியையும் வண்டி வாடகையையும் குத்தகையையும் போட்டு நீங்களே இதே போல் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்: மொத்தச் செலவு எவ்வளவு, பறிப்பிலிருந்து விற்பனை வரைக்கும் மட்டும் எவ்வளவு. முதல் எண் நீங்கள் இறங்கலாமா என்பதைச் சொல்லும். இறங்கிவிட்ட பிறகு பறிப்பதா, விடுவதா என்பதை இரண்டாவது எண் சொல்லும்.

அடுத்ததாக, விலை எதனால் ஏறியது என்று விசாரியுங்கள். மழையால் பறிப்பும் வண்டியும் தாமதமாகியிருந்தால், அந்தச் சரக்கு இரண்டு, மூன்று வாரத்தில் வந்துவிடும். அப்போது உங்கள் நாற்று நடும் பருவத்துக்கு வருவதற்கு முன்பே விலை இறங்கியிருக்கும். வெப்பத்தால் பூ உதிர்ந்திருந்தால், வெப்பம் தணிந்த பின் அதே செடிகள் மீண்டும் பூத்து, ஒன்றரை, இரண்டு மாதத்தில் பறிப்புக்கு வரலாம். அதுவும் உங்களுக்கு முன்னால்தான். நோயாலோ வெள்ளத்தாலோ செடிகளே செத்துப்போயிருந்தால் மட்டுமே பற்றாக்குறை மூன்று மாதத்துக்கு மேல் நீளும். அப்படி நீண்டாலும் அழிந்த வயல்களின் சொந்தக்காரர்கள் உங்களுக்கு முன்பே நாற்று சொல்லி வைத்திருப்பார்கள்.

எத்தனை பேர் நடப்போகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி நாற்றுப்பண்ணை. மூன்று மாதத்துக்குப் பிறகு எவ்வளவு சரக்கு வரும் என்பது இன்று அங்கே தட்டுகளில் நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் நாலைந்து பண்ணைகளில் போய், தக்காளி நாற்று எத்தனை வாரத்துக்கு முன்பதிவு ஆகியிருக்கிறது, வழக்கமாக இந்த மாதத்தில் எவ்வளவு போகும், நாற்று விலை ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். விதைக் கடையிலும் கேளுங்கள், வீரிய ஒட்டு ரக விதை தீர்ந்துபோய்விட்டது என்றால் அதுவும் ஒரு பதில்தான். நாற்று கிடைப்பதே கடினம் என்ற நிலை இருந்தால், உங்கள் பறிப்பு நாளில் சந்தை நிரம்பி வழியும். அப்படியானால் இந்தச் சுற்றில் இறங்காதீர்கள்.

பண்ணையில் நாற்று தேங்கிக் கிடக்கிறது, காரணம் கேட்டால் போன பருவத்தில் அடி வாங்கியவர்கள் யாரும் வாங்க வரவில்லை என்கிறார்கள் என்றால், அது தக்காளி போட நினைக்க வேண்டிய நேரம். அப்போது சந்தை விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும், உங்கள் நண்பர் வேண்டாம் என்பார். கண்ணை மூடிக்கொண்டு எதிர்த்திசையில் போகச் சொல்லவில்லை. கடும் வெப்பப் பருவத்திலோ அடைமழையிலோ யாரும் நடாமல் இருப்பதற்கு விலையைத் தவிர வேறு காரணம் இருக்கும். பருவமும் தோதாக இருந்து, நாற்றும் தேங்கி நின்றால் மட்டுமே இது பொருந்தும்.

எப்போது இறங்கினாலும் முதல் தடவை ஒரு எக்டேரையும் ஒரே நாளில் நடாதீர்கள். மூன்று துண்டாகப் பிரித்து, மூன்று வார இடைவெளியில் நடுங்கள். ஒரே நாளில் நட்டால் உங்கள் கனமான பறிப்பு முழுவதும் சில வாரங்களுக்குள் குவியும், அந்த வாரங்களின் விலைக்கு நீங்கள் மொத்தமாகக் கட்டுப்படுவீர்கள். பிரித்து நட்டால் பறிப்பு பதினான்கு வாரம் வரை பரவும். ஏதாவது ஒரு துண்டு நல்ல விலையில் மாட்டும், ஏதாவது ஒன்று சரிவில் மாட்டும். உச்ச லாபம் கிடைக்காது. ஆனால் இடைப்பட்ட வாரங்களில் சந்தை விலை சரியத் தொடங்கினால் மூன்றாவது துண்டை நடாமல் நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு உங்களிடம் இருக்கும். ஒரே நாளில் நட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இதற்கு நிலத்தின் சொந்தக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் என்று பேசாமல், முதல் நாற்று நடுவதிலிருந்து குறைந்தது ஏழு மாதத்துக்குப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.